40 விநாடி முந்திய சர்வர்

சில்க் போர்டில் ஒரு மணி நேரம் நின்று ஆபீஸ் வந்தால், மறுபடியும் அதே புகார்: "லாகின் ஆகிறது, அடுத்த பக்கம் 401." நான் பார்க்கும்போது மட்டும் சமர்த்தாக வேலை செய்யும். செய்யாமல் என்ன? டோக்கன் கொடுக்கும் சர்வரின் கடிகாரம் 40 விநாடி முன்னால் ஓடுகிறது. டோக்கன் எப்போதிலிருந்து செல்லும் என்று அது `nbf`-இல் போடும் நேரம், சரிபார்க்கும் சர்வருக்கு இன்னும் பிறக்கவே இல்லை. "இந்த டோக்கன் இன்னும் செல்லாது" என்று துரத்திவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்து அதே டோக்கனோடு முயன்றால் எல்லாம் சுபம்!

சரி, லாகைப் பார்க்கலாமா? பார்த்தால் 10:15:02-க்கு டோக்கன் நிராகரிப்பு, 10:15:42-க்குத்தான் அந்த டோக்கனே உருவாகிறது. பிள்ளை பிறக்கும் முன்பே பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இதை வைத்து நான் எதை விசாரிப்பது?

கடிகாரம் சரியான நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அந்த டோக்கன் சர்வரில் `chronyc tracking` அடித்தால் `Not synchronised` என்று பல்லை இளிக்கிறது. ஏன்? சர்வர் நேரம் கேட்டு வாங்கும் யுடிபி 123-ஐ யாரோ ஃபயர்வாலில் மூடிவிட்டார்கள். பாதுகாப்புக்காகவாம்! கேட்டால், "நேரம் பார்க்கக்கூடவா போர்ட் வேண்டும்?" என்கிறார் மகானுபாவர். அப்புறம், டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார். எந்த சர்வரின் நேரப்படி போடட்டும்?