ஓரம் வெளுத்த சஃபையர் கண்ணாடி போலி அல்ல

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் சஃபையர் கண்ணாடி போட்ட வாட்ச் கட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "சஃபையர் கீறவே கீறாது என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது பாருங்கள், ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்துப்போயிருக்கிறது. போலியைத் தலையில் கட்டிவிட்டார்கள்." பெரும்பாலும் அது போலி இல்லை. கண்ணாடி கீறவில்லை, கண்ணாடியின் மேல் பூசியிருந்த, கண் கூச்சத்தைக் குறைக்கும் மெல்லிய பூச்சுதான் தேய்ந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்று விற்கும்போது யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். நம் கடற்கரையில் இருப்பவர்கள் இந்தப் பூச்சு கண்ணாடியின் உட்பக்கம் மட்டும் உள்ள வாட்சை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், பூச்சே எதற்கு? காற்றிலிருந்து கண்ணாடிக்குள் ஒளி நுழையும்போது ஒரு பங்கு திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பதைப் பொருளின் ஒளிவிலகல் எண் தீர்மானிக்கிறது. சாதாரண மினரல் கண்ணாடிக்கு அது சுமார் 1.52, ஒரு பரப்பில் 4 சதவீதம் திரும்பும். சஃபையருக்கு 1.77, ஒரு பரப்பிலேயே 7.7 சதவீதம். கண்ணாடிக்கு மேல்பரப்பு, உள்பரப்பு என்று இரண்டு பரப்புகள். ஆகவே பூச்சில்லாத சஃபையர் மொத்தத்தில் 14 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கீறலைத் தாங்குவதில் சஃபையர் கெட்டி. கூசுவதில் மினரல் கண்ணாடியைவிட மோசம். விலை கொடுத்து வாங்கிய கண்ணாடிக்குப் பூச்சு தேவைப்படுவது இதனால்தான்.

14 சதவீதம் சின்னதாகத் தோன்றலாம். தனுஷ்கோடி சாலையில் உச்சிவெயிலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கடல், கீழே வெளுத்த மணல், மேலே திறந்த வானம். கறுப்பு டயல், வெள்ளை முள். கறுப்பு டயல் தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 4 பங்கைத் திருப்புகிறது, வெள்ளை முள் 80 பங்கைத் திருப்புகிறது என்று கொள்வோம். டயலுக்குப் போகும் ஒளி கண்ணாடியை ஒரு முறை கடந்து, திரும்பி வரும்போது இன்னொரு முறை கடக்க வேண்டும். பூச்சில்லாத சஃபையரில் இரண்டு கடப்பும் சேர்ந்து 100இல் 73தான் மிஞ்சும். ஆக, டயலிலிருந்து கண்ணுக்கு வருவது 3 பங்கு, முள்ளிலிருந்து வருவது 59 பங்கு. இரண்டின் மேலும் கண்ணாடியில் பளபளக்கும் வானம் 14 பங்கு வந்து படிகிறது. 73க்கு 17. முள், டயலைவிட நாலு மடங்குதான் பளிச்சென்று தெரியும். கறுப்பு டயல் சாம்பலாகத் தெரிவதும் இதனால்தான். டயலிலிருந்து வரும் ஒளியைவிட வானத்தின் பிம்பம் நாலைந்து மடங்கு அதிகம்.

உட்பக்கம் மட்டும் நல்ல பூச்சு இருந்தால் திரும்பும் ஒளி 8 சதவீதத்துக்கு இறங்கும். முள்ளுக்கும் டயலுக்கும் உள்ள வேறுபாடு ஆறரை மடங்காகும். இரண்டு பக்கமும் பூசி, மொத்தம் 2 சதவீதம் மட்டும் திரும்பினால் பதின்மூன்று மடங்கு. வெளிப்பூச்சால் கிடைக்கும் லாபம் சிறியதல்ல, அதை மறைக்க மாட்டேன். கண்ணாடியே இல்லாததுபோல டயல் தெரியும். ஆனால் அந்தத் தெளிவு எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி.

பூச்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அது ஏன் தேய்கிறது என்பதும் புரியும். பழைய, எளிய முறை மெக்னீசியம் ஃபுளோரைடு. வெற்றிடக் கலத்தில் அதைச் சூடாக்கி ஆவியாக்கிக் கண்ணாடியின் மேல் படிய விடுகிறார்கள். படலத்தின் மேலிருந்து திரும்பும் அலையும் அடியிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டுமானால் தடிமன் கச்சிதமாக இருக்க வேண்டும். பச்சை ஒளிக்கு, அதாவது 550 நானோமீட்டர் அலைக்கு, அது சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட எழுநூறில் ஒரு பங்கு. கணக்கில் பார்த்தால் இந்த ஒற்றைப் படலமே சஃபையரின் 7.7 சதவீதத்தைப் பச்சை ஒளியில் 0.2 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். சிவப்பும் நீலமும் அந்த அளவு அழியாததால் மிச்சம் ஊதாவாகத் தெரிகிறது. பல அடுக்குப் பூச்சு எல்லா நிறத்திலும் நன்றாக வேலை செய்யும்; ஆனாலும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது.

இப்போது கடினத்துக்கு வருவோம். மோஸ் அளவுகோலில் சஃபையர் 9. நம் கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மணல் சஃபையரைக் கீறாது. மெக்னீசியம் ஃபுளோரைடு 6ஐத் தாண்டாது. ஆக மணலுக்கு முன்னால் கண்ணாடி ஜெயிக்கிறது, பூச்சு தோற்கிறது. ஆடி மாதக் கச்சான் காற்றில் முகத்தில் வந்து அடிக்கிறதே, அந்த மணல்தான்.

சரி, ஏன் நடுவில் தேயாமல் ஓரத்தில் தேய்கிறது? முதல் காரணம் வடிவம். கண்ணாடியின் விளிம்பைச் சாய்வாக இழைத்திருப்பார்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமான பெசலைவிட அந்த விளிம்பு ஒரு நூல் உயர்ந்து நின்றால், கை எதில் உரசினாலும் முதலில் படுவது அதுதான். சட்டைக்கை, கதவு நிலை, வலைக் கயிறு, படகின் விளிம்பு, எல்லாமே அந்தக் குறுகிய வளையத்தில் வந்து அழுத்துகின்றன. படும் இடம் குறுகக் குறுக அழுத்தம் கூடும்.

இரண்டாவது, விளிம்பில் பூச்சு பிறவியிலேயே பலவீனம். ஆவி கலத்துக்குள் நேர்கோட்டில் வருகிறது. சமதளத்தில் நேராக விழுவது, 45 பாகை சாய்ந்த விளிம்பில் சரிந்து விழுகிறது. நடுவில் 100 நானோமீட்டர் படிந்தால் சாய்வில் சுமார் 70தான் படியும். கண்ணாடிகளைச் சுழற்றிக்கொண்டே பூசினாலும் இந்த வித்தியாசம் முழுதும் போகாது. சரிந்து படிந்த படலத்தில் இடைவெளிகளும் அதிகம், பிடிப்பும் குறைவு. புது வாட்சிலேயே விளிம்பின் சாயல் வேறு நிறமாகத் தெரிந்தால் அது இதனால்தான். அதைத் தேய்மானம் என்று எண்ண வேண்டாம். அதோடு எந்தப் படலமும் உரியத் தொடங்குவது அது முடிகிற இடத்தில்தான். சுவரில் ஒட்டிய தாளை மூலையில்தானே பிய்க்கிறோம்.

மூன்றாவது காரணம் நம் ஊருக்கே உரியது. கண்ணாடிக்கும் பெசலுக்கும் நடுவே நூல் அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கும். கடல்நீர் அங்கே தேங்கிக் காய்ந்தால் உப்பு படிந்து, மணல் துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கைலி நுனியாலோ சட்டையாலோ துடைக்கும்போது நடுவிலுள்ள தூசியும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கிறது. அடுத்த துடைப்பில் அது உப்புத்தாள் ஆகிவிடுகிறது. கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருப்பதாக நினைத்து அடிக்கடி உலரத் துடைப்பவர்களின் வாட்சில்தான் ஓரம் சீக்கிரம் போகிறது.

தேய்ந்தது பூச்சா கண்ணாடியா என்று எப்படி அறிவது? நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பூச்சுக் கீறலின் ஆழம் அரை மைக்ரானுக்குள் என்பதால் நகம் எங்கும் தட்டாது. பிறகு ட்யூப்லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் விழும்படி பிடித்தால் கீறல் வெள்ளையாகப் பளிச்சிடும். சாய்த்துப் பிம்பத்தை நகர்த்தினால் கீறலே காணாமல்போகும். அது பூச்சு. பிம்பம் இல்லாதபோதும் கோடு நின்றால், அல்லது நகம் தட்டினால், கண்ணாடியிலேயே அடி விழுந்திருக்கிறது. சஃபையர் கீறாவிட்டாலும் விளிம்பில் சில்லு தெறிக்கும்.

வெளிப்பூச்சு உள்ள வாட்ச் ஏற்கெனவே கையில் இருந்தால், துடைப்பதற்கு முன் கழுவுங்கள். 50 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீர்த்தாங்கும் வாட்சாகவும் வாஷர் நல்ல நிலையிலும் இருந்தால், நேரம் வைக்கும் திருகு முழுதும் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரை நிமிடம் மெல்லிய குழாய்நீரில் காட்டுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம்; நம் பக்கத்தில் பல இடங்களில் அதுவே உப்பு, காய்ந்தால் கறை விடும். குடிதண்ணீர்தான் சரி. உப்பு கரைந்து மணல் போன பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பற்பசை போட்டுத் தேய்க்கும் யோசனை பிளாஸ்டிக் கண்ணாடிக்கு உரியது. பூச்சை அது திட்டுத்திட்டாக்கிவிடும்.

திட்டுத்திட்டாகத் தேய்ந்த வெளிப்பூச்சு, பூச்சே இல்லாததைவிடக் கண்ணை உறுத்தும். அந்த நிலையில் அதை முழுதும் எடுத்துவிடுவது நல்லது. பெசலை டேப் ஒட்டி மறைத்து, 1 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வைரப் பசையை ஃபெல்ட் துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் பூச்சு போய்விடும், சஃபையர் அப்படியே நிற்கும். நிறச் சாயல் எங்கும் ஒரே சீராக மறைந்தால் வேலை முடிந்தது. பின்மூடியில் சஃபையர் என்று பொறித்திருப்பதை உறுதிசெய்யாமல் இதில் இறங்கக் கூடாது. மினரல் கண்ணாடியில் மங்கல் விழுந்துவிடும்.

சங்கு குளிப்பவர்களும் பாசி எடுப்பவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீருக்குள் வெளிப்பூச்சால் பெரிய பயன் இல்லை. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அது சஃபையரை நெருங்கி இருப்பதால், பூச்சில்லாத மேல்பரப்பிலும் 2 சதவீதம்தான் திரும்பும். உள்ளே வாட்சுக்குள் இருப்பது காற்று. அந்தப் பரப்பில் 7.7 சதவீதம் மாறாமல் நிற்கிறது. அதை அடக்குவது உட்பூச்சு மட்டும்தான். நேர்ப்பார்வையிலிருந்து சுமார் 49 பாகைக்கு மேல் சாய்த்தால் தட்டைக் கண்ணாடி நீருக்குள் முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னி டயலை மறைத்துவிடும். அதை எந்தப் பூச்சாலும் தடுக்க முடியாது, கையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது கைபேசி டார்ச்சைக் கண்ணாடியின் மேல் சாய்வாக அடியுங்கள். இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரியும். இரண்டும் வெள்ளை என்றால் பூச்சில்லை. இரண்டும் மங்கிய நீலம் அல்லது ஊதா என்றால் இருபுறமும் பூச்சு. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம் என்றால் ஒரு பக்கம் மட்டும். எந்தப் பக்கம் என்று அறிய ஈர விரலால் மேலே தொடுங்கள். கலைகிற புள்ளி மேல்பரப்புடையது. அது வெள்ளையாக இருந்தால் பூச்சு உள்ளே இருக்கிறது. கண்ணாடி மாற்றும்போதும் பொருத்துவதற்கு முன்பே கடைக்காரரிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பூசிய பக்கம் தவறி மேலே வந்துவிட்டால், உள்ளே பத்திரமாக இருக்க வேண்டியது வெளியே தேயத் தொடங்கிவிடும். உட்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைக்க விடாதீர்கள். தூசியை ரப்பர் பல்பால் ஊதி எடுத்தால் போதும்.