கோரிலேஷன் உயர்ந்தால் இடைவெளி மூடுமா?

"இரண்டு பங்குகளின் கோரிலேஷன் 0.95-ஐத் தாண்டினால் போதும், விலை இடைவெளி தானாக மூடிவிடும்."

தவறு. ஒரு பங்கு தினமும் மற்றதைவிட 0.05% கூடுதலாக ஏறினாலும் தினசரி கோரிலேஷன் 1-தான். 250 வர்த்தக நாளில் இடைவெளி சுமார் 13%. அது மூடவே மூடாது.

மூட வைப்பது பொதுவான அடித்தளம். 2005 வரை ராயல் டச்சும் ஷெல்லும் தனித்தனிப் பங்குகள். குழும லாபம் 60:40 எனப் பிரிந்தது. எண்ணெய் விலையோடு இரண்டும் எங்கெங்கோ அலையும். லாக் விலைகளைக் கழித்தால் அந்தப் பொது அலைச்சல் நீங்கி, மிச்சம் சராசரிக்குத் திரும்பும். இதுதான் கோஇன்டக்ரேஷன்.

சோதிக்க, ஒரு லாக் விலையை மற்றதன்மேல் ரெக்ரஷன் செய்து, மிச்சம் சராசரிக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும் யூனிட் ரூட் சோதனையை நடத்துங்கள். ரெக்ரஷன் தரும் விகிதத்தையும் அதே தரவிலிருந்து மதிப்பிட்டதால், 5% முக்கியத்துவ மட்டத்தில் சோதனை எண் தாண்ட வேண்டிய எல்லை வழக்கமான −2.86 அல்ல, சுமார் −3.34. பலர் வழுக்குவது இங்கேதான்.

திரும்பும் காலத்துக்கு உத்தரவாதமில்லை: 1998-இல் இதே ஜோடியின் இடைவெளி மேலும் விரிந்து, எல்டிசிஎம் நிதியம் நஷ்டப்பட்டது.