சத்தே குச்சியும் சராசரி மதிப்புத் தேற்றமும்

அக்கா மகள் இந்த வருடம்தான் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். போன சனிக்கிழமை புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்கு வந்து, திருத்திக் கொடுத்த கால்குலஸ் தாளை என் முன்னால் போட்டாள். "மாமா, விடை சரியாத்தான் கண்டுபிடிச்சேன். ஆனா பாதி மார்க் போச்சு."

கேள்வி இது: f(x) = x^(2/3) என்ற சார்புக்கு [-1, 8] என்ற இடைவெளியில் சராசரி மதிப்புத் தேற்றம் பொருந்துமா? பொருந்தினால் c-ஐக் காண்க. தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: சார்பு a-இலிருந்து b வரை தொடர்ச்சியாகவும், நடுவில் எல்லா இடத்திலும் வகையிடத்தக்கதாகவும் இருந்தால், வளைகோட்டின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடான நாணின் சாய்வும் தொடுகோட்டின் சாய்வும் ஒன்றாகும் ஒரு c நடுவில் எங்காவது இருக்கும்.

அவள் நேராகக் கணக்கில் இறங்கியிருந்தாள். f(8) = 4, f(-1) = 1, எனவே நாணின் சாய்வு 3/9, அதாவது 1/3. f'(x) = (2/3)x^(-1/3). இரண்டையும் சமப்படுத்தினால் x = 8 என்று வருகிறது. c = 8 என்று எழுதி அடியில் இரட்டைக்கோடும் போட்டிருந்தாள். எனக்கு அந்த இரட்டைக்கோட்டைப் பார்த்துத்தான் வருத்தம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேற்றத்தில் c-ஐக் கண்டுபிடிப்பது வெறும் இயற்கணிதம். கணக்கு உண்மையில் இருப்பது நிபந்தனையில். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதோ தலைகீழாக இருக்கிறது. "தொடர்ச்சியானது, வகையிடத்தக்கது" என்று ஒரு வரியை மந்திரம் மாதிரி எழுதிவிட்டு c-ஐத் தேடப் போகச் சொல்கிறோம். நானும் டியூஷன் எடுத்த காலத்தில் அப்படித்தான் செய்தேன்.

சரி, முதலில் படம். தட்டில் கிடந்த சத்தே குச்சி ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். டிஷ்யூவில் ஒரு மேடு மாதிரி வளைகோடு வரைந்தேன். இடது முனையையும் வலது முனையையும் தொடும்படி குச்சியை வைத்தால் அதுதான் நாண். இப்போது சாய்வு மாறாமல் குச்சியை மெதுவாக மேலே நகர்த்துங்கள். ஒரு கட்டத்தில் குச்சி வளைகோட்டை விட்டுப் பிரியப் போகும். பிரிவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் அது எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதோ, அங்கே குச்சியே தொடுகோடு. அந்த இடத்தின் x மதிப்புதான் c. வளைகோடு நாணுக்குக் கீழே தொங்கினால் குச்சியைக் கீழே நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். பாடநூலில் வரும் நிரூபணமும் இதே குச்சிதான்: வளைகோட்டுக்கும் நாணுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஒரு சார்பாக எடுத்து, அது எங்கே உச்சத்துக்கோ அடிக்கோ போகிறது என்று பார்ப்பார்கள்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தானா மேரா கோஸ்ட் ரோட்டில் 2018-இல் வைத்த சராசரி வேகக் கேமராக்களை நினைத்துக்கொள்ளுங்கள். நுழையும்போது ஒரு நேரம், வெளியேறும்போது ஒரு நேரம். நான்கு கிலோமீட்டரை மூன்று நிமிடத்தில் கடந்தீர்கள் என்று வையுங்கள், சராசரி 80. அப்படியானால் நடுவில் ஏதோ ஒரு கணத்தில் உங்கள் வேகமானி சரியாக 80 காட்டியே இருக்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் மட்டும் பிரேக் பிடித்துப் பயனில்லை. எந்தக் கணம் என்று தேற்றம் சொல்லாது, ஒரு கணம் உண்டு என்று மட்டும் சொல்லும்.

இப்போது அவள் கணக்குக்குத் திரும்பினோம். x^(2/3) வளைகோட்டை வரைந்தால் இடப்பக்கமிருந்து இறங்கி, பூஜ்யத்தில் ஊசிபோல ஒரு கூர்முனை, பிறகு வலப்பக்கம் ஏறுகிறது. (-1, 1), (8, 4) இரண்டையும் இணைக்கும் நாணுக்குக் கீழேதான் வளைகோடு முழுவதும் கிடக்கிறது. குச்சியைக் கீழே நகர்த்தச் சொன்னேன். நகர்த்திக்கொண்டே போனவள் கூர்முனையில் நிறுத்தினாள். "இதுதான் கடைசி. ஆனா இங்க தொடுகோடே இல்லையே?"

அதேதான். பூஜ்யத்தில் வகைக்கெழு இல்லை. பூஜ்யமோ -1-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கிறது. நிபந்தனை உடைந்துவிட்டது, கேள்வி அங்கேயே முடிந்தது. அவள் கண்டுபிடித்த 8 இடைவெளியின் முனை. தேற்றம் கேட்பது a-க்கும் b-க்கும் இடைப்பட்ட c, முனைகள் சேராது. சமன்பாட்டைத் தீர்த்து வரும் எண்ணை இடைவெளிக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதுவது இன்னொரு பழைய வியாதி.

அதே சார்பை [0, 8]-இல் கொடுத்திருந்தால்? நாணின் சாய்வு 4/8, அதாவது 1/2. (2/3)c^(-1/3) = 1/2 என்றால் c = 64/27, சுமார் 2.37. ஒரு குறையும் இல்லை. பூஜ்யம் இப்போது முனைக்குப் போய்விட்டது, முனையில் வகைக்கெழு இருந்தாக வேண்டும் என்று தேற்றம் கேட்பதில்லை. தொடர்ச்சிக்கு மூடிய அடைப்பு [a, b], வகைக்கெழுவுக்குத் திறந்த அடைப்பு (a, b) என்று எழுதுவது சும்மா அழகுக்கு இல்லை. தொடர்ச்சி மட்டும் முனையிலும் ஏன் வேண்டும் என்றால், 0-இலிருந்து 1 வரை f(x) = x என்று போய், x = 1-இல் மட்டும் திடீரென்று 0 ஆகும் சார்பைப் பாருங்கள். நாண் கிடைமட்டம், வளைகோட்டின் சாய்வோ உள்ளே எங்கும் 1. குச்சி எங்கும் தொடுகோடாகாது.

ஆகவே தேர்வில் நான் செய்யச் சொல்வது ஒரே வேலை: எங்கே உடையலாம் என்று தேடு. பகுதி பூஜ்யமாகும் இடம், மட்டுக்குறிக்குள் இருப்பது பூஜ்யமாகும் இடம், மூலக்குறிக்குள் பூஜ்யமாகும் இடம், துண்டுச் சார்பு ஒட்டும் இடம். தேடிப் பிடித்த புள்ளி இடைவெளிக்கு வெளியே என்றால் விட்டுவிடு. முனை என்றால் தொடர்ச்சியை மட்டும் பார். உள்ளே என்றால் இரண்டையும் பார். பல்லுறுப்புக்கோவைக்கு இந்தத் தேடலே தேவையில்லை, ஒரு வரி போதும்.

துண்டுச் சார்பில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் வழுக்கி விழுகிறார்கள். x ≤ 1 எனில் x², x > 1 எனில் 2x + 1, இடைவெளி [0, 2]. இரண்டு துண்டையும் வகையிட்டு x = 1 போட்டால் இந்தப் பக்கமும் 2, அந்தப் பக்கமும் 2. "வகையிடத்தக்கது" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் மதிப்பைப் பாருங்கள்: இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 3-ஐ நெருங்குகிறது. சாய்வு பொருந்துகிறது, கோடு ஒட்டவில்லை. நாணின் சாய்வு 5/2, வளைகோட்டின் சாய்வோ எங்குமே 2-ஐத் தாண்டுவதில்லை, c எங்கிருந்து வரும்? இரண்டாம் துண்டை 2x - 1 என்று மாற்றினால் ஒட்டிவிடும். நாணின் சாய்வு 3/2, c = 3/4. அதனால் ஒட்டுமிடத்தில் முதலில் மதிப்பு, அப்புறம்தான் சாய்வு.

ராத்திரி பதினொன்றுக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப். "மாமா, x^(1/3), [-1, 1]. பூஜ்யத்துல தொடுகோடு செங்குத்து, வகைக்கெழு இல்ல. ஆனா நாண் சாய்வு 1, தீர்த்தா c = ±0.19 வருது. ரெண்டுமே உள்ள இருக்கு! அப்போ தேற்றம் பொருந்துதா?"

பொருந்தாது என்று பதில் போட்டேன். நிபந்தனை உடைந்தால் தேற்றம் வாக்குக் கொடுப்பதில்லை. c இருக்கவே இருக்காது என்றும் அது சொல்லவில்லை. "தேற்றத்தைப் பயன்படுத்த முடியாது" என்று எழுது, "c இல்லை" என்று எழுதாதே. முந்தைய கணக்கில் c இல்லை என்று நாம் சொன்னது, தீர்த்துப் பார்த்து, 8 மட்டும் வந்ததால்.

இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம், "அப்போ என் தாள்ல ரெட்டைக்கோட்டை அடிச்சிடவா?" என்று கேட்டாள்.