நம்பர் காட்டுனா அளந்துருச்சுனு அர்த்தம் இல்லைங்க

பிபி, சுகர் காட்டுற மலிவு ஸ்மார்ட்வாட்ச நம்பாதீங்க, ஹார்ட் ரேட்டும் தூக்கமும் மட்டும் பாக்குற சாதா பேண்ட் போதும்னு நான் எழுதுனதுக்கு ஞாயித்துக்கிழமை இங்க பெரிய சண்டையே நடந்துச்சு. "ஆயிரத்து ஐநூறு ரூபா வாட்ச்லயே பிபி, சுகர் எல்லாம் வருது, நீங்க ஏன் ஒண்ணுமே இல்லாத பேண்ட வாங்க சொல்றீங்க, கமிஷனா?"னு ஒருத்தர் கேட்டாரு, அதுக்கு நாப்பது பேர் சிரிச்சாங்க. அந்த கமிஷன்ங்கிற வார்த்தை ரெண்டு நாளா மனசுல குத்திக்கிட்டே இருக்கு.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். நம்பர் காட்டுறது வேற, அளக்குறது வேற.

வாட்சுக்கு அடியில பச்சை லைட் மின்னுதுல்ல, அது தோலுக்குள்ள போய் திரும்பி வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வர்ற வெளிச்சமும் மாறும், அத எண்ணித்தான் ஹார்ட் ரேட் சொல்லுது. அதுல இருந்து பிபிய நேரா எடுக்க முடியாது. சாம்சங் வாட்ச்லயே பிபி பாக்கணும்னா முதல்ல கையில கட்டுற பிபி மெஷின வெச்சு அளவு குடுக்கணும், அப்புறம் 28 நாளைக்கு ஒருதரம் திரும்ப குடுக்கணும். அப்படி எதுவுமே கேக்காம கட்டுன உடனே 121/79னு காட்டுற வாட்ச் எத வெச்சு சொல்லுது? சுகருக்கு, ஊசி குத்தாம தானே அளக்குற எந்த வாட்சுக்கும் அனுமதி குடுக்கல, நம்பாதீங்கனு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலயே எச்சரிச்சாச்சு.

"உங்களுக்கு என்ன தெரியும், நீங்க என்ன டாக்டரா?"னு கேப்பீங்க. டாக்டர் இல்ல. ஆனா எங்கம்மா கையில அந்த மாதிரி பிபி காட்டுற மலிவு வாட்ச் ஒண்ணு ஆறு மாசம் இருந்துச்சு. யாரோ பாசமா வாங்கி குடுத்தது. தினமும் நார்மல்னு காட்டுச்சு, அம்மாவும் "எனக்குத்தான் சரியாயிருச்சே"னு பிபி மாத்திரைய நிறுத்திட்டாங்க, எங்க யாருக்கும் சொல்லல. ஒருநாள் தலை சுத்தி உக்காந்தப்ப ஆஸ்பத்திரியில பாத்தா 178/104. அதே நேரத்துல வாட்ச் 122/80 காட்டிட்டு இருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன்.

அப்புறம்தான் நானும் அம்மாவும் அந்த வாட்ச்ல ஹார்ட் ரேட்டாவது ஒழுங்கா வருதானு பாத்தோம். துண்டச் சுருட்டி அதுல வாட்ச கட்டிப் பாக்குற வீடியோ சுத்துதே, அத வெச்சு முடிவு பண்ணாதீங்க, நல்ல பேண்டுகூட சிலசமயம் துண்டுக்கு நம்பர் காட்டும், வெளிச்சம் எதுல பட்டாலும் திரும்பி வரும்ல. இப்படி பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து மணிக்கட்டுல விரல் வெச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. எனக்கு 76 வந்துச்சு, வாட்ச் 78. பரவால்லனு தோணும். அப்புறம் மூணு மாடி வேகமா ஏறி, நின்ன உடனே 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க, ஏன்னா ஒரு நிமிஷம் முழுசா எண்ணுறதுக்குள்ள துடிப்பு இறங்கிரும். எனக்கு 32, அதாவது 128. அந்த வாட்ச் 82ல நிக்குது. இப்ப வெச்சிருக்குற சாதா பேண்ட் 121 காட்டுச்சு. கொஞ்சம் பின்தங்கி வரும், ஆனா கூடவே ஏறி கூடவே இறங்குது. ஆன்லைன்ல வாங்குனா திருப்பி அனுப்புற தேதிக்குள்ள இத செஞ்சு பாத்துருங்க.

பட்டைய மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, நகராத மாதிரி கட்டணும். லூசா இருந்தா ஓடும்போது காலடிய துடிப்புனு எண்ணிரும், நிமிஷத்துக்கு 165 அடி வெச்சா ஹார்ட் ரேட்டும் 165னு வரும்.

தூக்கத்துக்கு வாங்குறவங்க முதல்ல பேட்டரிய பாருங்க. தினமும் சார்ஜ் போடுற வாட்ச நைட்டுதான் கழட்டி வெப்போம், அப்புறம் தூக்கத்த எங்க அளக்குறது? ஆப்ல ஹார்ட் ரேட்ட எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் எடுக்கணும்னு செட்டிங் இருக்கும், பேட்டரி மிச்சம் பண்ண சில பேண்ட்ல அரை மணினு இருக்கும், அத குறைச்சு வைங்க. எத்தனை மணி நேரம் தூங்குனோம்ங்கிறது ஓரளவு சரியா வரும், ஆனா அசையாம படுத்து மொபைல் பாத்தாலும் தூக்கம்னு எழுதிரும். ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிஷம்னு வர்றத பாத்து பயப்படாதீங்க, அத சரியா சொல்லணும்னா தலையில ஒயர் ஒட்டி மூளையோட அலைய பாக்கணும், மணிக்கட்டுல இருந்து அது வெறும் கணிப்புதான்.

"காசு இல்லாதவன் என்ன பண்ணுவான்"னு இன்னொருத்தர் கேட்டாரு. அவர் கேட்டது நியாயம். ஆனா நீங்க சொல்ற அந்த வாட்ச் விலைக்கு இன்னும் கொஞ்சம் சேத்தா கையில கட்டுற பிபி மெஷினே வருதே. அத வாங்க சொன்னா எனக்கு யாருங்க கமிஷன் குடுப்பா? ஒரு வாட்ச் கட்டுனதுக்காக எங்கம்மா மூணு நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க, அந்த மூணு நாளும் நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், அத மனசுல வெச்சு எழுதுனத பாத்து நாப்பது பேர் சிரிக்கிறீங்க.

அம்மா இப்ப காலையில மெஷின்ல பிபி பாத்து காலண்டர்ல எழுதுறாங்க. இன்னைக்கு 134/84.