விமானக் கம்பெனி எண்ணெய் ஆலை வாங்கிய கதை

"சப்ளையர் ரொம்ப விலை வைக்கிறான், பேசாமல் அவன் கம்பெனியையே வாங்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு டெல்டா ஏர்லைன்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

2012-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டிரெய்னர் என்ற ஊரில் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை டெல்டா வாங்கியது. மாநில அரசின் 3 கோடி டாலர் உதவி போக, டெல்டா கொடுத்தது 15 கோடி டாலர். பெரிய விமானம் ஒன்றின் விலைக்கு ஒரு ஆலையே கிடைத்தது. எரிபொருள் செலவில் வருடத்துக்கு 30 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஆலையை வாங்கினால் கச்சா எண்ணெய் சொந்தமாகிவிடாது. ஒரு பேச்சுக்கு, கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலர், விமான எரிபொருள் 120 டாலர் என்று வையுங்கள். ஆலை வைத்திருப்பவர் கைக்கு வருவது நடுவில் இருக்கும் 20 டாலர் மட்டுமே. அதிலும் ஆலையை ஓட்டும் செலவு போக வேண்டும். நாளைக்கே கச்சா 140, எரிபொருள் 160 ஆனால், சொந்த ஆலை இருந்தும் அந்தக் கூடுதல் 40 டாலரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விமானக் கம்பெனிகளைப் பெரும்பாலும் திணறடிப்பது இந்தக் கச்சா விலைதான்.

அடுத்த சிக்கல் இன்னும் சுவாரசியம். எந்த ஆலையாலும் விமான எரிபொருளை மட்டும் தனியாக எடுக்க முடியாது. பெட்ரோல், டீசல் எல்லாம் சேர்ந்துதான் வரும். அவற்றை மற்ற எண்ணெய்க் கம்பெனிகளிடம் கொடுத்து, பதிலுக்கு விமான எரிபொருள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். ஆக, விமானம் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் வியாபாரத்திலும் மாட்டிக்கொண்டார்கள். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் சட்டம் சுத்திகரிப்பு ஆலைகளைத்தான் பிடிக்கும். தானே கலக்காதவர், மற்றவர்கள் கலந்ததற்கான சான்றுகளைச் சந்தையில் வாங்கிக் காட்ட வேண்டும். 2013-ல் அந்தச் சான்றுகளின் விலை எகிறியது. அந்த வருடம் ஆலைக்கு 11.6 கோடி டாலர் நஷ்டம். வெறும் வாடிக்கையாளராக இருந்திருந்தால் இந்தத் தலைவலி நேராக இவர்கள் மேசைக்கு வந்திருக்காது.

நஷ்டம் மட்டும்தான் என்று சொன்னால் அநியாயம். 2015-ல் 29 கோடி டாலர் லாபம் வந்தது. 2022-ல் சுத்திகரிப்பு லாபம் உலகம் முழுக்க ஏறியபோதும் நல்ல காசு பார்த்தார்கள். ஆனால் 2016-ல் மறுபடி நஷ்டம். செலவைக் குறைக்க வாங்கியது, தனக்கென்று ஏற்ற இறக்கம் உள்ள இன்னொரு தொழிலாக நின்றது.

என்னை உறுத்துவது 2020. கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றன. ஆலை இல்லாத விமானக் கம்பெனி எரிபொருள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டால் போதும். டெல்டாவுக்கோ விமானமும் சம்பாதிக்கவில்லை, ஆலையின் சரக்குக்கும் கிராக்கி இல்லை; ஆலை ஆட்களுக்குச் சம்பளமும் பராமரிப்பும் மட்டும் நிற்கவில்லை. அதற்கு முன்பே, 2018 வாக்கில், பாரத்தைப் பகிர ஒரு கூட்டாளியைத் தேடிப் பார்த்தார்கள். அமையவில்லை. ஆலை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.