வருடக் கணக்கில் தெரியாத மழை

"வருஷ மழை அப்படியேதானே இருக்கு, அப்புறம் என்ன பருவநிலை மாற்றம்?" என்று சித்தப்பா கேட்டார். அவர் பார்ப்பது மொத்தக் கணக்கை மட்டும். இந்த விஷயத்தில் அது ஏமாற்றிவிடும்.

மத்திய இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் பாருங்கள். 1951 முதல் 2000 வரையான தினசரி மழைப் பதிவுகளை வானிலை விஞ்ஞானி பி.என். கோஸ்வாமியும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். பருவத்தின் சராசரி மழையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆனால் ஒரே நாளில் 10 செ.மீ.க்கு மேல் கொட்டும் நிகழ்வுகள் கூடியிருந்தன, மிதமான மழை குறைந்திருந்தது. கூடியதைக் குறைந்தது ஈடுகட்டிவிட்டதால் சராசரியில் ஒன்றும் தெரியவில்லை.

காரணம் நீராவியில் இருக்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 17 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 30 டிகிரியில் 30 கிராம் வரை இருக்கலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை மேகம் தான் நிற்கும் இடத்திலுள்ள ஈரத்தை மட்டும் நம்பிப் பெய்வதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. ஓர் ஊருக்கு மேலே உள்ள காற்றின் நீராவி முழுவதையும் பிழிந்தாலும் 6, 7 செ.மீ.தான் தேறும். மீதி எல்லாம் சுற்றுப்புறக் கடற்காற்று இழுத்து வந்து சேர்த்தது. அந்தக் காற்றில் ஈரம் கூடினால், அதே வேகத்தில் வீசினாலும் மழை கூடுதலாகக் கொட்டும். (அந்த மழைக்கு வெப்பமயமாதல் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. காற்றுச் சுழற்சி ஒரே இடத்தில் நின்றது முக்கியக் காரணம்.)

சரி, ஈரம் 7 சதவீதம் கூடினால் மொத்த மழையும் அதே அளவு கூட வேண்டாமா? அப்படிக் கூடுவதில்லை. நீராவி மழைத்துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்குக் கதிர்வீசித் தணித்துக்கொள்ள வேண்டும். அது தணியும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் உலகின் மொத்த மழை டிகிரிக்கு 2, 3 சதவீதம்தான் கூடுகிறது. ஒவ்வொரு பெருமழையும் அதைவிட வேகமாக வலுக்கிறது என்றால், எங்கேயோ குறைந்தாக வேண்டும். குறைவது தூறலும் மிதமான மழையும், மழை பெய்கிற நேரமும்தான். ஒவ்வோர் ஊரிலும் இதே விகிதம் இருக்காது. காற்றின் போக்கு மாறினால் கணக்கும் மாறும்.

சித்தப்பாவின் தோட்டத்தில் 10 செ.மீ. மழை ஐந்து நாட்களில் பெய்தால் மண் குடித்துக்கொள்ளும், கிணற்றில் ஊறும். அதே 10 செ.மீ. ஒரே ராத்திரியில் பெய்தால் வரப்பை உடைத்துக்கொண்டு மேல்மண்ணோடு ஓடைக்குப் போய்விடும். மழைமானி இரண்டையும் 100 மி.மீ. என்றே காட்டும். அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு, நாள்வாரிப் பதிவை எடுத்து எத்தனை நாள் பெய்தது, அதிகபட்சம் ஒரு நாளில் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.