ராத்திரி பதினோரு மணிக்கு தங்கம் பணமாகாது

"கையில நகை இருந்தா போதும், எப்ப வேணா பணம் ஆக்கிக்கலாம்"னு நம்ம வீடுகள்ல சொல்லாத ஆளே கிடையாது, நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், அப்பாவுக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி நெஞ்சு வலி வர்ற வரைக்கும். அந்த மூணு நாள்ல எந்தப் பணம் எப்ப கைக்கு வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா பாத்ததுக்கு அப்புறம் என் கருத்து கொஞ்சம் மாறிடுச்சு, அதான் இந்தப் பதிவு.

ஆஸ்பத்திரியில அட்மிஷன் போடும்போதே 50,000 கட்டச் சொன்னாங்க, ஸ்டென்ட் வைக்கணும்னா திங்கக்கிழமைக்குள்ள இன்னும் ஒன்றரை லட்சம் ரெடி பண்ணுங்கன்னாங்க. மணி பதினொண்ணு. பீரோவுல அம்மாவோட வளையல், அட்டிகை, நான் வருஷா வருஷம் அட்சய திருதியைக்கு வாங்கின தங்கக் காசு எல்லாம் இருக்கு, ஆனா அந்த நேரத்துல எந்தக் கடை திறந்திருக்கும்? அன்னிக்கு ராத்திரி காப்பாத்துனது தங்கம் இல்ல, நான் மொபைல் ஆப்லயே போட்டு வச்சிருந்த 60,000 ரூபாய் எஃப்டி. அதே ஆப்ல க்ளோஸ் கொடுத்தேன், வட்டியில கொஞ்சம் பிடிச்சுக்கிட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு வந்துடுச்சு, கவுண்டர்ல ஸ்கேன் பண்ணி கட்டிட்டேன்.

மியூச்சுவல் ஃபண்டுல ஒரு லட்சத்துக்கு மேல இருந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி விக்கச் சொன்னா அது திங்கக்கிழமை கணக்குல தான் ஏறும், பங்கு ஃபண்டுன்னா அதுக்கப்புறம் ரெண்டு வேலை நாள், ஆக புதன்கிழமை. லிக்விட் ஃபண்டா இருந்திருந்தா சில கம்பெனியில 50,000 வரைக்கும் உடனே எடுக்குற வசதி இருக்கு, என்கிட்ட அது இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அப்பா பேர்ல பேங்க்ல 4 லட்சம் எஃப்டி இருந்துச்சு. அவர் ரிட்டையர் ஆனப்ப போட்டது, பிராஞ்சுல பேப்பர்ல போட்டது, அவர் ஒருத்தர் பேர்ல மட்டும், அம்மா நாமினி. நாமினின்னா அவர் உயிரோட இருக்கும்போது அம்மாவால ஒரு ரூபா கூட தொட முடியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் ஐசியூவுல, அவர் போனோட பின் நம்பர் எங்க யாருக்கும் தெரியாது. உடம்பு முடியாதவங்ககிட்ட சாட்சி வச்சு கைநாட்டு வாங்கிப் பணம் கொடுக்குற வழி பேங்க்ல உண்டு, ஆனா அதை ஏற்பாடு பண்ணி ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிட்டு வந்து முடிக்குறதுக்குள்ள நமக்கு பணம் வேண்டிய நேரம் தாண்டிடும். ரெண்டு பேர் பேர்ல போட்டிருந்தாலும், தவணைக்கு முன்னாடி உடைக்கணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு பல பேங்க்ல கேப்பாங்க, ஆரம்பத்துலயே அதுக்குன்னு தனியா எழுதிக் கொடுத்திருந்தா தான் ஒருத்தர் போதும்.

தங்கத்தோட உண்மையான பலம் எனக்கு அங்க தான் புரிஞ்சுது. வேகம் மட்டும் இல்ல, அதுல யார் பேரும் இல்ல, ஓடிபி கிடையாது. படுத்திருக்கிறவர் கையெழுத்து இல்லாமலே வீட்டுல இருக்கிற இன்னொருத்தர் தன்னோட ஆதாரும் பான் கார்டும் எடுத்துட்டுப் போய், இது எங்க வீட்டு நகைதான்னு எழுதிக் கொடுத்து பணமாக்கலாம். (அதே நகை அப்பா ஒருத்தர் பேர்ல இருக்கிற லாக்கருக்குள்ள இருந்திருந்தா அதுவும் அந்த எஃப்டி மாதிரியே பூட்டிக் கிடந்திருக்கும், இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல.)

திங்கக்கிழமை காலையில பேங்க் திறந்ததும் நகைய அடகு வைக்க அம்மாவும் நானும் போயிட்டோம். மதிப்பீட்டாளர் பத்தரைக்கு தான் வந்தாரு. கல்லு வச்ச அட்டிகைய தராசுல வச்சாரு, 40 கிராம் காட்டுச்சு, அம்மா முகத்துல ஒரு நிம்மதி. அவரு லென்ஸ் வச்சு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கெம்பு, உள்ள இருக்கிற அரக்கு எல்லாம் கழிச்சா 31 தான் எடுத்துக்க முடியும்மா"ன்னாரு. அடுத்து நாலு வளையல், கல்லு எதுவும் இல்ல, நாலு பவுன், 32 கிராம். உரைகல்லுல ஒரு இழுப்பு, மேல ஒரு சொட்டு ஆசிட், அப்படியே 32 கிராமும் எடுத்துக்கிட்டாரு. 40 கிராம் அட்டிகையை விட 32 கிராம் வளையலுக்குத் தான் பணம் அதிகம்! அட்டிகையை திருப்பி எடுத்துக்கிட்டோம்.

கணக்கு எப்படின்னா, கடை போர்டுல அன்னிக்கு கிராம் 9,000 ரூபாய்னு வைங்க, பேங்க் அந்த விலையை எடுக்காது, முந்தின 30 நாள் சராசரி, முந்தின நாள் விலை ரெண்டுல எது குறைவோ அதை எடுக்கும், விலை ஏறிட்டு இருக்கிற நேரத்துல சராசரி தான் குறைவா இருக்கும், 8,800னு வச்சுக்கலாம். 32 கிராமுக்கு 2,81,600. அதுல அப்ப இருந்த விதிப்படி கடன் உச்சமா 75 சதவீதம், 2,11,200. (2025 ஜூன்ல ரிசர்வ் வங்கி விதியை மாத்தினாங்க, இரண்டரை லட்சத்துக்குள்ள கடன்னா 85 சதவீதம் வரை கொடுக்கலாம்.) நாங்க கேட்டது ஒன்றரை லட்சம், அதனால தாராளமா போதும். ரசீது, கையெழுத்து எல்லாம் முடிஞ்சு பன்னெண்டரைக்கு பணம் அம்மா அக்கவுண்டுல. நகைக்கடன் கம்பெனிகள்ல இதைவிட சீக்கிரம் முடிச்சுடுவாங்க, வட்டி தான் கூட, அங்கயும் கையில ரொக்கமா 20,000 ரூபாய்க்கு மேல தர மாட்டாங்க, மீதி அக்கவுண்டுக்கு தான் வரும்.

தங்கக் காசு கதை தான் எனக்கு பெரிய ஏமாற்றம். காசு தான் சுத்தத் தங்கம், செய்கூலி சேதாரம் பெருசா இல்ல, அவசரத்துக்கு இதைவிட நல்லது என்ன இருக்குன்னு நெனச்சு சேத்தது, மொத்தம் 20 கிராம். பேங்க்ல எடுத்துக்கவே இல்ல. அப்ப இருந்த விதிப்படி பேங்க்ல வித்த காசா இருந்தா தான், அதுவும் ஒரு ஆளுக்கு 50 கிராம் வரைக்கும் தான் அடமானம் வாங்கலாமாம், நகைக்கடையில வாங்கின காசும் பிஸ்கட்டும் வாங்கக் கூடாதுன்னாங்க. சரி, பேங்க்ல வாங்கியிருந்தா அவங்களே திருப்பி வாங்கிப்பாங்களான்னா அதுவும் கிடையாது, விக்க மட்டும் தான் செய்வாங்க. ஆக, கடையில வாங்கின காசை அடகு வச்சு பணம் வாங்கி அப்புறம் மீட்டுக்கலாம்ங்கிற பேச்சே அன்னிக்கு இல்ல, வித்தாகணும்.

விக்கவும் போய்ப் பாத்தேன். முதல் கடையில, மாத்தி வேற நகை எடுத்துக்கங்க, பணமா தர்றது இல்லன்னுட்டாங்க. வாங்கின கடைக்கே பில்லோட போனேன், மெஷின்ல டெஸ்ட் பண்ணிட்டு பழைய தங்க விலை போட்டு அக்கவுண்டுக்கு அனுப்புறோம்னாங்க, வாங்கும்போது கட்டின 3 சதவீத ஜிஎஸ்டி போனது போனது தான். அதுக்குள்ள வளையல் பணம் வந்துட்டதால விக்காம திரும்பி வந்துட்டேன்.

அதனால என்கிட்ட கேட்டா, அவசரத்துக்குன்னு தங்கம் வாங்குறவங்க காசோ கல்லு வச்ச நெக்லஸோ வாங்காதீங்க, 916 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி அடையாளக் குறியும் இருக்கிற சாதா வளையலோ செயினோ வாங்குங்க, செய்கூலி கூட ஆகுதேன்னு பாக்காதீங்க, அடகு வைக்கும்போது மதிப்பீட்டாளர் கழிக்க அதுல எதுவும் இருக்காது. முதல் ராத்திரிக்கு மட்டும் ஆப்ல உடைக்கிற மாதிரி ஒரு எஃப்டி, உங்க பேர்ல ஒண்ணு, வீட்டுல இன்னொருத்தர் பேர்ல ஒண்ணு.

அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு. மெல்ல நடக்க ஆரம்பிச்சதும் மொதல்ல நாங்க போனது பேங்குக்கு தான், எஃப்டியில அம்மா பேரைச் சேத்து, யார் ஒருத்தர் வேணா முன்கூட்டியே எடுக்கலாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தோம். வளையலை ஏழாவது மாசம் மீட்டோம், அம்மா பேங்க் வாசல்லயே போட்டுக்கிட்டாங்க.